கடலடியில் இருக்கும் காந்தப் பட்டைகள் கண்ணுக்குத் தெரியுமா?

"என் பையனின் பாடப்புத்தகத்தில் கடலடிப் பாறையை வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டையாக வரைந்திருக்கிறார்கள். கீழே போனால் பார்க்க முடியுமா? பட்டையை வைத்து வயது, வயதை வைத்துப் பட்டை என்று சுற்றிச் சுற்றிச் சொல்வதுபோல் இருக்கிறதே?"

பார்க்க முடியாதுங்க. கீழே எல்லாமே ஒரே கறுப்பு பசால்ட் பாறைதான், அந்த நிறங்கள் வரைந்தவர் போட்டவை. நடுக்கடல் மலைத்தொடரின் உச்சிப் பிளவில் எரிமலைக் குழம்பு வந்து உறையும்போது, அதிலுள்ள நுண்ணிய இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையை அப்படியே பிடித்துக்கொள்ளும். பழைய பாறை பிளந்து இரண்டு பக்கமும் விலகிப் போக, நடுவில் புதுக் குழம்பு வந்து உறையும். பூமியின் காந்தம் அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரண்டிருக்கிறது, அதனால் ஒரு பட்டை இன்றைய திசையிலும் அடுத்தது எதிர்த்திசையிலும் அமைகிறது.

இதை அளப்பது கப்பலிலிருந்து. கப்பலின் இரும்பு கெடுத்துவிடக் கூடாது என்று காந்தமானியை நீளமான கம்பியில் கட்டிப் பின்னால் தூரத்தில் இழுத்துப் போவார்கள். பூமியின் காந்தப்புலத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கம் தெரிந்தாலே பெரிய விஷயம்.

1965-இல் எல்டானின் என்ற அமெரிக்கக் கப்பல் பசிபிக்-அண்டார்டிக் மலைத்தொடரைக் குறுக்கே கடந்தபோது கிடைத்த ஒரு வரைகோடு அசல் சாட்சி. அதை இடவலமாகத் திருப்பிப் போட்டாலும் மேடும் பள்ளமும் பழையபடியே பொருந்துகின்றன. அங்கே கடல்தளம் ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்குச் சுமார் நாலரை சென்டிமீட்டர் விரிகிறது, ஆகவே 80,000 ஆண்டு மட்டுமே நீடித்த ஒரு சின்னப் புரளலுக்கும் மூன்றரைக் கிலோமீட்டர் அகலம் கிடைத்தது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே ரெய்க்யனெஸ் மலைத்தொடரில் வேகம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான், அதே புரளல் ஒரு கிலோமீட்டர்கூட வராது. கப்பல் நிற்பது பாறைக்கு வெகு மேலே என்பதால், அவ்வளவு ஒல்லியான பட்டை பக்கத்துப் பட்டைகளோடு கலந்து மங்கிப் போய்விடும்.

சரி, சுற்றிச் சொல்கிறார்களா? நியாயமான சந்தேகம்தான், ஆனால் இல்லை. புரளல்களின் காலம் கடலிலிருந்து வரவே இல்லை. நிலத்தில் உள்ள எரிமலைப் பாறைகளில் பொட்டாசியம் எவ்வளவு ஆர்கானாக மாறியிருக்கிறது என்று அளந்து தனியாகக் கண்டுபிடித்தார்கள். கடைசிப் பெரிய புரளல் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அதை நாலரை சென்டிமீட்டரால் பெருக்கினால் 35 கிலோமீட்டர், உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் அந்த எல்லை இருக்கிறது. அப்புறம் 1968-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கில் துளை போட்டது. பசால்ட்டை ஒட்டிக் கிடந்த வண்டலின் வயதை அதிலுள்ள நுண்ணுயிரிகளின் ஓடுகளைக் கொண்டு கணித்தார்கள். காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உச்சியிலிருந்து தள்ளிப் போகப் போக அந்த வயதும் சீராகக் கூடியது.

பட்டை உதவாத இடமும் உண்டு. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை காந்தம் ஏறக்குறைய புரளவே இல்லை. அந்தக் காலத்தில் உண்டான கடல்தளத்தில் கோடே இல்லாமல் அகலமாகக் கிடக்கும், அங்கே வயது தெரிய வேண்டுமானால் துளை போட்டுத்தான் பார்க்கணும்.