டிரான்ஸ்ஃபார்மர் சோதனை அறிக்கை: இரண்டு இழப்பையும் கூட்டிப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: பட்டறைக்கு 25 கே.வி.ஏ., 2500/250 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு பேர் சோதனை அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். முதலாமவருடையது: ஓப்பன் சர்க்யூட் 250 வோல்ட், 1.5 ஆம்பியர், 90 வாட். ஷார்ட் சர்க்யூட் 100 வோல்ட், 10 ஆம்பியர், 420 வாட், 75 டிகிரிக்குத் திருத்தியது. இரண்டாமவருடையது: ஓப்பன் சர்க்யூட் 250 வோல்ட், 3.2 ஆம்பியர், 150 வாட். ஷார்ட் சர்க்யூட் 72 வோல்ட், 8 ஆம்பியர், 192 வாட், 30 டிகிரியில் எடுத்தது. கூட்டினால் முதலாவதற்கு 510 வாட், இரண்டாவதற்கு 342 வாட் இழப்பு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் 8 மணி நேரம் முழு லோடு இருக்கும், மற்ற நேரம் சும்மா இணைப்பில் கிடக்கும். இரண்டாவதையே வாங்கிவிடலாம் அல்லவா?

பதில்: உங்கள் உபயோகத்துக்கு முதலாவதுதான் சரி. கூட்டலில் பிழை இல்லை. கூட்டிய எண்கள்தான் ஒரே நிலையில் அளந்தவை அல்ல.

டிரான்ஸ்ஃபார்மரின் சமானச் சுற்றை மனதில் வைத்துக்கொண்டால் அறிக்கையின் ஆறு எண்களும் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுற்றில் இரண்டு கிளைகள். ஒன்று சப்ளைக்குக் குறுக்கே, இணையாக நிற்கும். இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்க இழுக்கும் மின்னோட்டமும், காந்தத் தயக்கத்தாலும் சுழல் மின்னோட்டத்தாலும் உள்ளகம் சூடாகும் இழப்பும் இந்தக் கிளையில் அடங்கும். சப்ளை இருக்கும்வரை இது ஓடிக்கொண்டேயிருக்கும். லோடு இருக்கிறதா என்று பார்க்காது. மற்றொன்று லோடு மின்னோட்டத்தின் பாதையில், தொடராக நிற்கும். சுருள்களின் மின்தடையும் கசியும் காந்தப் பாயத்தால் வரும் வினைப்பும் இதில் உள்ளன. இதில் எழும் தாமிர இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி லோடில் அது பாதியாகாது, கால்பங்காகிவிடும்.

ஓப்பன் சர்க்யூட் சோதனை முதல் கிளையைத் தனியே காட்டுகிறது. 250 வோல்ட் பக்கம் முழு மின்னழுத்தம் கொடுத்து, 2500 வோல்ட் பக்கத்தைத் திறந்து விடுகிறார்கள். முதல் டிரான்ஸ்ஃபார்மர் இழுத்த 1.5 ஆம்பியர், அந்தப் பக்கத்தின் முழு மின்னோட்டமான 100 ஆம்பியரில் ஒன்றரை சதவீதம்தான். அதனால் சுருளில் எரிவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராது. வாட் மீட்டர் காட்டும் 90 வாட் முழுவதும் இரும்பு இழப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஷார்ட் சர்க்யூட் சோதனை அடுத்த கிளைக்கு உரியது. 250 வோல்ட் பக்கத்தைக் குறுக்கே இணைத்துவிட்டு, 2500 வோல்ட் பக்கம் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி, முழு மின்னோட்டமான 10 ஆம்பியர் வந்ததும் நிறுத்துவார்கள். முதலாவதில் அதற்கு 100 வோல்ட் போதுமானதாக இருந்திருக்கிறது, அதாவது 4 சதவீதம். இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தில் உள்ளகத்தில் பாயம் மிகக் குறைவு, இரும்பு இழப்பு கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவு. ஆகவே 420 வாட் தாமிர இழப்பு. 420-ஐ 10-இன் வர்க்கத்தால் வகுத்தால் 4.2 ஓம், சுருள்கள் இரண்டின் மின்தடையும் 2500 வோல்ட் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இவ்வளவு. மின்மறுப்பு 100 வோல்ட் / 10 ஆம்பியர், 10 ஓம். 10-இன் வர்க்கத்திலிருந்து 4.2-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் கசிவு வினைப்பு, சுமார் 9.1 ஓம்.

இனி இரண்டாவது அறிக்கை. சோதித்தது 8 ஆம்பியரில். முழு மின்னோட்டம் வரைக்கும் ஏற்றவில்லை. இது குற்றமல்ல, சோதனைக் கூடத்தில் சப்ளை போதாவிட்டால் குறைந்த மின்னோட்டத்தில் எடுத்துக் கணக்கிட்டுத் தருவார்கள். ஆனால் கணக்கிட்டுத் தர வேண்டும். 192-ஐ 8-இன் வர்க்கமான 64-ஆல் வகுத்தால் 3 ஓம். 10 ஆம்பியரில் அது 300 வாட். 192 என்று தெரிந்தது இந்த ஒரு திருத்தத்திலேயே பாதிக்குமேல் கூடிவிட்டது.

அடுத்தது வெப்பநிலை. தாமிரம் சூடானால் மின்தடை ஏறும். முதலாமவர் 75 டிகிரிக்குத் திருத்தியிருக்கிறார், வேலை செய்யும் சூட்டை ஒட்டிய நிலை அது. இரண்டாமவருடைய எண் குளிர்ந்த சுருளுக்கு உரியது. தாமிரத்துக்கான திருத்தம் இப்படி:

```
(235 + 75) / (235 + 30) = 310 / 265 = 1.17
300 × 1.17 = 351
```

சுருள் அலுமினியம் என்றால் 235-க்குப் பதில் 225 போட வேண்டும். கறாராகச் சொன்னால் பெருக்க வேண்டியது மின்தடையால் வரும் பகுதியை மட்டும். கசிவுப் பாயம் சுருளிலும் சுற்றியுள்ள உலோகத்திலும் எழுப்பும் சிதறு இழப்பு சூட்டில் குறையும். ஆகவே உண்மை எண் 351-க்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம். இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மரில் அந்த வித்தியாசம் முடிவை மாற்றாது.

இப்போது இரண்டையும் ஒரே நிலையில் வைக்கலாம். முதலாவது: இரும்பு 90, தாமிரம் 420. இரண்டாவது: இரும்பு 150, தாமிரம் 351. கூட்டினால் 510-ம் 501-ம். நீங்கள் கண்ட 168 வாட் இடைவெளி 9 வாட்டாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒன்பதும் முழு லோடு ஓடும்போது மட்டும்தான் இரண்டாவதுக்குச் சாதகம்.

உங்கள் கணக்கில் முழு லோடு 8 மணி நேரம், ஆனால் இரும்பு இழப்பு 24 மணி நேரம். முதலாவது ஒரு நாளில் இரும்பில் 2160 வாட்-மணியும் தாமிரத்தில் 3360-ம் சேர்த்து 5520 தின்னும். இரண்டாவது இரும்பில் 3600, தாமிரத்தில் 2808, மொத்தம் 6408. நாளொன்றுக்கு 888 வாட்-மணி இரண்டாவதில் கூடுதல்; பட்டறை வருடம் முழுக்க ஓடினால் சுமார் 324 யூனிட். விடுமுறை நாள் வந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும், ஏனென்றால் அன்றைக்கு இரும்பு இழப்பு மட்டும்தான் ஓடும். திருத்தாத 192-ஐ வைத்துப் போட்டிருந்தால் இரண்டாவது 5136-தான் தின்னும் என்று வந்து, முடிவு தலைகீழாகியிருக்கும்.

இரண்டாவது மோசமான சரக்கு என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் இரும்பு இழப்பு 60 வாட் கூடுதல், 24 மணி நேரத்தில் 1440 வாட்-மணி. அதன் தாமிர இழப்பு 69 வாட் குறைவு. 1440-ஐ 69-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21. தினமும் 21 மணி நேரத்துக்கு மேல் முழு லோடில் ஓடும் இடத்தில் இரண்டாவதுதான் சிக்கனம். இராப்பகல் நிற்காத பம்புக்கு அதைத்தான் நானும் வாங்கச் சொல்வேன்.

மின்னழுத்த வீழ்ச்சியையும் இதே எண்களில் பார்த்துவிடலாம். 0.8 பின்தங்கு திறன்காரணியில் முழு லோடு போட்டால் முதலாவதில் 250 வோல்ட்டிலிருந்து சுமார் 9 வோல்ட் இறங்கும், இரண்டாவதில் சுமார் 8. இதை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

அறிக்கையில் வேறு இரண்டு இடங்களையும் பாருங்கள். ஓப்பன் சர்க்யூட் சோதனை 250 வோல்ட்டிலேயே, 50 ஹெர்ட்ஸிலேயே நடந்ததா? 230 வோல்ட்டில் எடுத்தால் இரும்பு இழப்பு ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகத் தெரியும். காந்த மின்னோட்டம் அதைவிட வேகமாக இறங்கிவிடும், உள்ளகம் செறிவு நிலையை விட்டு விலகுவதால். அதே மின்னழுத்தத்தை 60 ஹெர்ட்ஸில் கொடுத்தாலும் பாயம் குறைந்து அறிக்கை அழகாகிவிடும். தாமிர இழப்பைப் போல இதை வர்க்கக் கணக்கால் நம்பித் திருத்த முடியாது, திரும்ப அளக்கச் சொல்வதே வழி. இன்னொன்று, ஓப்பன் சர்க்யூட்டில் திறன்காரணி மிகக் குறைவு. முதலாவதில் 0.24, இரண்டாவதில் 0.19. சாதாரண வாட் மீட்டர் இந்த நிலையில் முள்ளைச் சரியாக நகர்த்தாது. குறைந்த திறன்காரணிக்கென்று செய்த மீட்டரோ நல்ல டிஜிட்டல் பவர் அனலைசரோ வேண்டும். எதில் அளந்தார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

ஆர்டரில் "இரும்பு இழப்பு இவ்வளவு, 75 டிகிரியில் முழு மின்னோட்டத்துக்குத் தாமிர இழப்பு இவ்வளவு" என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். ஐ.இ.சி. 60076 தரத்தின்படி மொத்த இழப்பு சொன்னதைவிட 10 சதவீதம் வரையும், தனி இழப்பு ஒன்று 15 சதவீதம் வரையும் கூடலாம், மொத்தம் அந்த 10-ஐத் தாண்டாத வரைக்கும். 90 என்று சொன்ன இரும்பு இழப்பு 103 வந்தால் விற்றவர் இந்த வரியைக் காட்டுவார். அதற்கு மேல் சகித்துக்கொள்ள மாட்டோம் என்றால் ஆர்டரிலேயே சொல்லிவிட வேண்டும், சரக்கு வந்த பிறகு அல்ல.

கேள்வி: அதே டிரான்ஸ்ஃபார்மர் வந்திறங்கியதும் இந்த இரண்டு சோதனையையும் பட்டறையிலேயே செய்து பார்த்துக்கொள்ளலாமா? வேரியாக்கும் மீட்டர்களும் இருக்கின்றன.

பதில்: ஓப்பன் சர்க்யூட்டைத் தொடாதீர்கள். 250 வோல்ட்தானே கொடுக்கிறோம் என்று தோன்றும். திறந்து கிடக்கும் மறுபக்க முனைகளில் அப்போது 2500 வோல்ட் நிற்கும். அதற்குரிய வேலியும் எர்த்தும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்யட்டும், நீங்கள் நேரில் நின்று பாருங்கள்.

ஷார்ட் சர்க்யூட் சோதனையில் மின்னழுத்தம் குறைவு என்றாலும் இதையும் அவர்களிடமே விடுவது நல்லது. சாட்சியாக நிற்கும்போது குறுக்கு இணைப்பைக் கவனியுங்கள். அதில் 100 ஆம்பியர் ஓடும். இணைப்பில் ஒரு மில்லி ஓம் கூடுதலாக இருந்தால் 10 வாட் அங்கேயே எரிந்து, தாமிர இழப்போடு சேர்ந்து பதிவாகும். மெல்லிய ஒயரும் தளர்ந்த போல்ட்டும் போதும், நல்ல டிரான்ஸ்ஃபார்மரின் பெயரைக் கெடுக்க. எண் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால், சண்டைக்குப் போகும் முன் அந்த இணைப்பு சூடாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சப்ளையை நிறுத்திய பிறகு. சோதனை நடந்தபோது சுருள் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் 75 டிகிரிக்குத் திருத்த வழியில்லை.