500 ரூபாய்க்கு வருகிறேன் என்றாலும் ஏன் எடுப்பதில்லை?

வணக்கம் ஐயா. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலைக்கு நாளுக்கு 650 ரூபாய் தருகிறார்கள். என் தம்பி 500க்கே வருகிறேன் என்று கேட்டும் எடுக்கவில்லை. மலிவாக ஆள் கிடைத்தும் முதலாளி ஏன் வேண்டாம் என்கிறார்?
– ஒரு வாசகர், வாணியம்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பியிடம் எந்தக் குறையும் இல்லை. பொருளாதார அறிஞர்கள் கார்ல் ஷாபிரோவும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1984ல் எழுதிய கட்டுரை இதற்குத்தான் விடை தேடியது.

பேஸ்டிங்கில் ஷூவின் மேல்பாகமான அப்பரின் அடியைச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, சூடாக்கி, அடிப்பாகமான சோல் வைத்து அழுத்த வேண்டும். அரைகுறையாகச் சுரண்டினாலோ காயுமுன் ஒட்டினாலோ அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து, வாங்கியவர் காலில்தான் சோல் வாயைப் பிளக்கும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒழுங்காக வேலை செய்யும் சிரமத்தைத் தொழிலாளி நாளுக்கு 100 ரூபாயாக மதிக்கிறார். ஓபி அடித்தால் பிடிபட சராசரியாக 50 நாள் ஆகிறது. அதுவரை அவருக்கு 5000 ரூபாய் மிச்சம். வேலை போனால் அதற்குக் குறையாத நஷ்டம் வந்தால்தான் அவர் ஓபி அடிக்கமாட்டார்.

வேலை போனவர் சில்லறை வேலையில் 350 சம்பாதித்தபடி, அடுத்த கம்பெனி கிடைக்க 25 நாள் காத்திருக்கிறார் என்போம். 650ல் சிரமத்துக்கு 100, வெளிக்கூலி 350 போக மிஞ்சுவது 200. 25 நாளுக்கு 5000. சரியாக வந்துவிட்டது. 500 என்றால் மிஞ்சுவது 50, மொத்த நஷ்டம் 1250தான். அப்போது ஓபி அடிப்பதே லாபம் என்றாகிவிடும். உங்கள் தம்பி மனதார உழைக்க நினைத்தாலும் அதை கேட்டில் நின்று நிரூபிக்க வழியில்லை.

அந்த 25 நாள் எங்கிருந்து வருகிறது? ஐந்தே நாளில் வேறு வேலை கிடைக்குமானால் நாளுக்கு 1000 மிஞ்ச வேண்டும், சம்பளம் 1450 ஆக வேண்டும். அந்தச் சம்பளத்தில் இத்தனை பேரை வைத்துக்கொள்ள முடியாமல் கம்பெனிகள் ஆளைக் குறைக்கும், வேலை தேடுவோர் கூடுவார்கள், காத்திருப்பு நீளும். உள்ளே இருப்பவரை ஒழுங்காக வேலை செய்ய வைப்பது வெளியே நிற்கும் உங்கள் தம்பிதான். சோம்பேறிக்குத்தான் வேலை கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. பீஸ் ரேட்டில் அப்பர் தைப்பவரின் வேலையை எண்ணிவிடலாம், தையலும் கண்ணுக்குத் தெரியும். அங்கே சம்பளம் கூடுதலாக இருந்தால் காரணம் வேறு.

பேஸ்டிங்கிலும் கண்காணிப்பைக் கூட்டலாம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒட்டியவரின் நம்பரைப் போட்டு, தினமும் சிலவற்றை இழுத்துப் பார்த்தால், பிடிபடும் காலம் 50 நாளிலிருந்து 10 நாளாகக் குறையலாம். அப்போது 1000 ரூபாய் நஷ்டமே போதும். காத்திருப்பு அதே 25 நாள் என்றால், மேலே மிஞ்ச வேண்டியது நாளுக்கு 40, சம்பளம் 490. உங்கள் தம்பி கேட்ட 500க்கு முதலாளி சம்மதிப்பார். ஆனால் இப்போது 650 வாங்குகிறவர்களின் சம்பளமும் அந்த அளவுக்கு இறங்கிவிடும்.