தொலைந்த மெட்ரோ கார்டும் மீதிப் பணமும்

கேள்வி: கடலூரிலிருந்து அடிக்கடி சென்னை போவேன். என் பேரில் பதிந்த என்.சி.எம்.சி. மெட்ரோ கார்டு, அதாவது வங்கி தரும் பொதுப் பயணக் கார்டு, தொலைந்துவிட்டது. மீதிப் பணம் புதுக் கார்டுக்கு வருமா?

இந்தக் கார்டின் பணம் இரண்டு இடத்தில் இருக்கும்: வங்கி வைத்திருக்கும் கார்டு கணக்கிலும், கார்டில் உள்ள சிப்பிலும். கணக்கில் இருக்கும் பணம் வரும். சிப்பில் ஏற்றிய பணம் பொதுவாக வராது. கேட் சட்டென்று திறக்க வேண்டுமென்பதால், வங்கியைக் கேட்காமல் சிப்பிலிருந்தே கட்டணத்தைக் கழிக்கிறது. ஆகவே சிப்பில் இருப்பது சட்டைப் பையிலிருந்து விழுந்த நோட்டு மாதிரி.

கணக்கில் 300, சிப்பில் 120 ரூபாய் இருந்தால் 300-ஐத்தான் நம்பலாம். முதலில் கார்டு கொடுத்த வங்கியில் பிளாக் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வர, பதிந்த மொபைல் எண் இயங்க வேண்டும். அது இப்போது இயங்காத பழைய சிம் என்றால் வேலை இங்கேயே சிக்கும். புதுக் கார்டுக்கு மாறிய பணத்தையும் ஸ்டேஷனில் சிப்பில் ஏற்றிய பிறகே கேட் ஏற்கும்.

பேரில் பதிந்தாலே முழுப் பணமும் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு காப்பது கணக்குப் பணத்தை மட்டுமே.