54 கிலோவில் நிற்கும் நிறை: எவ்வளவு கூட்டிச் சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு 22 வயது. கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிறேன். உயரம் 172 செ.மீ., நிறை 54 கிலோ. அப்பாவுடன் தோட்ட வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் ஜிம்முக்குப் போகிறேன். மூன்று மாதமாகியும் நிறை அசையவில்லை. நாலாயிரம் கலோரி சாப்பிடு என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு கலோரி, புரதம், கொழுப்பு, மாச்சத்து எத்தனை கிராம்?

பதில்: மூன்று மாதமாக நிறை அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி, கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இப்போது நீங்கள் சாப்பிடுவதும் உடல் செலவழிப்பதும் சமமாக இருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. உங்கள் வயது, உயரம், நிறையை வைத்துச் சூத்திரத்தில் போட்டால், சும்மா படுத்திருந்தாலே உடலுக்கு ஏறக்குறைய 1,500 கலோரி வேண்டும். தோட்ட வேலையும் சைக்கிளும் பயிற்சியும் சேரும்போது அது 2,500 அளவுக்கு வரும். சூத்திரம் இருநூறு முந்நூறு கலோரி பிசகக்கூடியது. ஆகவே 2,500 என்பதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் மேல் ஒரு நாளைக்கு 300 கலோரி கூட்டினால் போதும், மொத்தம் 2,800. நாலாயிரம் தேவையில்லை. தசை வளரும் வேகத்துக்கு எல்லை இருக்கிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்குக்கூட மாதத்தில் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை தசை ஏறினால் அது நல்ல வளர்ச்சி. அதற்கு மேல் உள்ளே போகும் உணவு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகத்தான் தங்கும்.

இனிக் கிராம் கணக்கு. முதலில் புரதம். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 முதல் 2.2 கிராம் வரை போதும். நடுவில் எடுத்தால் உங்களுக்கு 100 கிராம். அடுத்தது கொழுப்பு. மொத்தக் கலோரியில் கால் பங்கு அளவுக்கு, 75 கிராம். மிச்சம் முழுவதும் மாச்சத்து. புரதமும் மாச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. புரதத்துக்கு 400, கொழுப்புக்கு 675 போனால் மீதி 1,725 கலோரி. நான்கால் வகுத்தால் 430 கிராம் மாச்சத்து. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எங்கள் சாப்பாட்டில் மாச்சத்துத் தானாக வந்துவிடும், தேங்காயால் கொழுப்பும் வந்துவிடும். வராதது புரதம்தான்.

சாப்பாட்டுக் கோப்பையில் இது எப்படி வரும் என்று பார்ப்போம். காலையில் 100 கிராம் அரிசி மாவுப் புட்டு, ஒரு பிடி தேங்காய்ப்பூ, இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம்: புரதம் 20 கிராமுக்குச் சற்று மேல். பத்து மணிக்கு 40 கிராம் பயறு அல்லது கௌபி அவித்தது, 30 கிராம் பால்மா போட்ட தேநீர்: 17. மத்தியானம் 170 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் பருப்பு, முள் தலை நீக்கிய 120 கிராம் மீன், ஒரு மரக்கறி, தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு: 47. பின்னேரம் ஒரு பிடி கச்சானும் வாழைப்பழமும்: 8. இரவு 90 கிராம் மாவில் இடியப்பமும் சொதியும்: 7. கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிடும். கலோரியும் 2,800 அளவில் நிற்கும். மீன் கடல் மீனாக இருந்தாலும் இரணைமடுக் குளத்து மீனாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் முட்டையும் மீனும் போய், 36 கிராம் புரதம் குறைந்துவிடும். அன்று உலர்ந்த நிலையில் நிறுத்த 50 கிராம் சோயா மீற்றும் 50 கிராம் கடலையும் சேருங்கள். குறைந்தது ஏறக்குறைய ஈடாகிவிடும். கடலையில் மாச்சத்தும் இருப்பதால் சோற்றில் ஒரு பிடி குறைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன அரிசி, மாவு, பருப்பு, பயறு எல்லாம் சமைக்க முன் நிறுத்த அளவு. பெரும்பாலானவர்களின் கணக்குக் குலைவது இந்த இடத்தில்தான். 300 கிராம் அரிசியில் ஏறக்குறைய 1,080 கலோரி. அதே 300 கிராம் சோறாக நிறுத்தால் 390 மட்டும். தண்ணீர் குடித்து அரிசி இரண்டரை, மூன்று மடங்கு கனத்துவிடும். இந்த வித்தியாசம் நீங்கள் கூட்ட நினைக்கும் 300 கலோரியின் இரண்டு மடங்கைத் தாண்டும். வீட்டுக்கெல்லாம் சேர்த்துச் சமைப்பதால், ஒரு நாள் உங்கள் பங்கு 170 கிராம் அரிசியை மட்டும் தனியே சமைத்து, கோப்பையில் எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசு தேவைப்படாது. தேங்காயெண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்து விடச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது.

இப்படிச் சாப்பிடத் தொடங்கிய முதல் வாரம் நிறை சட்டென்று ஏறலாம். தசையில் சேரும் மாச்சத்தும் அதனோடு தங்கும் தண்ணீரும்தான் அது. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தினமும் காலையில் மலசலம் கழித்தபின், சாப்பிடு முன் நிறுத்து, வாரச் சராசரியை எழுதுங்கள். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு சராசரி வாரத்துக்கு 150 முதல் 250 கிராம் வரை ஏறினால் எதையும் மாற்ற வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு வாரம் 100 கிராமுக்குக் கீழே நின்றால், நாளுக்கு 150 கலோரி கூட்டுங்கள்; அதைச் சோற்றில் 40 கிராம் அரிசியாகக் கூட்டுவதே இலகு. 400 கிராமைத் தாண்டினால் அதே அளவு குறையுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளவு நாடாவால் அளந்து வையுங்கள். இடுப்பு வேகமாகக் கூடி, ஜிம்மில் தூக்கும் பாரம் கூடாமல் இருந்தால் சாப்பாடு தசைக்குப் போகவில்லை; பயிற்சியைத் திருத்த வேண்டும்.

மெலிந்தவர்களிடம் இன்னொன்றும் நடக்கும். கூடச் சாப்பிட்டால் உடல் தன்னையறியாமலே கூட அசையும். கூட்டியதில் ஒரு பகுதி அப்படியே செலவாகும். காலபோக அறுவடையில் நாள் முழுக்க வயலில் நின்றால் 2,500 என்ற அடிக்கணக்கே பொய்யாகிவிடும். அந்த வாரங்களில் இன்னும் 300, 400 கலோரி தேவைப்படலாம். பசி எடுக்காதபோது அதைக் கோப்பையில் குவிக்காமல் பாலாக, பழமாக, கச்சானாகப் பிரித்து எடுங்கள். கடையில் விற்கும் நிறை கூட்டும் மா வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது அநேகமாக மாச்சத்து. அதைச் சோறு மலிவாகத் தருகிறது.

தொடங்கு முன் ஒரு பரிசோதனை. வவுனியா உட்பட வறண்ட வலயத்தில், விவசாயக் குடும்பங்களில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. நலமான சிறுநீரகத்துக்கு 100 கிராம் புரதம் பாரமல்ல. நோயுள்ள சிறுநீரகத்துக்கு அப்படியல்ல. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், இரத்தத்தில் கிரியற்றினின் அளவையும் சிறுநீரையும் அரசாங்க மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள். நீங்கள் முயலாமலே நிறை குறைந்துகொண்டு போனாலோ, விடாத இருமல், அடிக்கடி சிறுநீர், நெஞ்சுப் படபடப்பு இருந்தாலோ இந்தக் கணக்கையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் வைத்தியரைப் பாருங்கள்.