சலுகை விளம்பரத்தில் எழுதாமல் விடப்படும் இரண்டு விவரங்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

கணினி அறிவியல் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் உங்கள் மகளுக்காக நீங்கள் அனுப்பிய இரண்டு மடிக்கணினி விளம்பரங்களையும் நிதானமாகப் பார்த்தேன். இரண்டிலும் "ரைசன் 5, 7000 வரிசை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி" என்ற ஒரே வரிதான் பெரிதாக அச்சாகியிருக்கிறது. முதலாவதன் விலை குறைவு. முதுகுப் பையும் மவுஸும் இலவசம். இரண்டாவதன் விலை சற்று அதிகம். இலவசம் எதுவும் இல்லை. விவரங்கள் ஒன்றாகவே இருக்கும்போது ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ப்ராசசர் எண்ணைப் பாருங்கள்: முதலாவது 7520U, இரண்டாவது 7530U.

ஓர் இலக்கம்தான் வேறுபடுகிறது என்றாலும், ஏஎம்டி நிறுவனத்தின் இந்த 7000 வரிசை மடிக்கணினி ப்ராசசர்களில் மூன்றாவது இலக்கம்தான் ப்ராசசரின் உள்வடிவமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. முதல் இலக்கமான 7 அது எந்த ஆண்டின் வரிசையில் விற்பனைக்கு வந்தது என்பதை மட்டுமே குறிக்கும். 7520U-இல் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. 7530U-இல் அது 3; 2020-இல் வந்த ஸென் 3 வடிவமைப்பு. முன்னதில் நான்கு கோர்கள், பின்னதில் ஆறு கோர்கள். கோர் என்பது ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்கிடக்கூடிய பகுதி என்று புரிந்துகொண்டால் போதும். பல கோப்புகளாக எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவமாகத் தொகுக்கும்போது அந்த வேலையைப் பல கோர்களுக்கும் பகிரலாம் என்பதால், உங்கள் மகளின் படிப்பில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கட்டுரை தட்டச்சு செய்வதிலோ காணொளி வகுப்பு பார்ப்பதிலோ அவ்வளவாகத் தெரியாது. இன்டெல் ப்ராசசர்களிலும் இதே எச்சரிக்கை தேவை. "i7" என்ற எழுத்தைப் பார்த்ததுமே அது "i5"-ஐ விட மேல் என்று முடிவு செய்யக் கூடாது. i7-1165G7 என்பது நான்கு கோர்கள் கொண்ட 11-ஆம் தலைமுறை. i5-1235U என்பது இரண்டு பெரிய கோர்களும் எட்டுச் சிறிய கோர்களும் கொண்ட 12-ஆம் தலைமுறை.

இருந்தாலும், ப்ராசசரை விட ரேம் பற்றியே எனக்குக் கவலை அதிகம், ஏனெனில் ஓராண்டு கழித்துப் பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் வருத்தம் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கிறது.

ரேம் என்பது அந்த நேரத்தில் திறந்திருக்கும் வேலைகள் அனைத்தையும் விரித்து வைத்திருக்கும் மேசை. எஸ்எஸ்டி என்பது அலமாரி. 8 ஜிபி என்று விளம்பரத்தில் இருந்தாலும் அது முழுவதும் உங்கள் மகளுக்குக் கிடைக்காது. இந்த இரண்டு கணினிகளிலும் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாததால், திரையில் படம் வரைவதற்கான நினைவகம் இந்த 8 ஜிபியிலிருந்தே எடுக்கப்படுகிறது. விண்டோஸ் அமைப்புகளில் `8.00 GB (7.3 GB usable)` என்பது போன்ற ஒரு வரியைக் காண்பீர்கள். அந்தக் குறைவு பழுதல்ல. மீதியில் விண்டோஸும், பத்துப் பக்கங்கள் திறந்திருக்கும் பிரவுசரும் சேர்ந்து எளிதில் நான்கு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இனி, இயங்குதளப் பாடத்துக்காக லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை, கணினிக்குள்ளேயே தனிக் கணினி போல இயங்கும் ஒரு வர்ச்சுவல் மெஷினில் இயக்கச் சொன்னால், அதற்கு வழக்கமாக ஒதுக்கப்படும் 4 ஜிபிக்கு இடமே இருக்காது. அப்போது கணினி நின்றுவிடாது. ரேமில் கொள்ளாததை எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கும், ஒவ்வொரு சொடுக்குக்கும் சில நொடிகள் காத்திருக்க நேரும். "புதுக் கணினி அதற்குள் மெதுவாகிவிட்டது" என்று மாணவர்கள் சொல்வது பல நேரங்களில் இதைத்தான். `Ctrl+Shift+Esc` அழுத்தி டாஸ்க் மேனேஜரில் `Memory` எப்போதும் 90 விழுக்காட்டை ஒட்டி நின்றால், காரணம் ரேம் போதாமைதான்.

பிறகு ரேமைக் கூட்டிக்கொள்ளலாமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் விளம்பரம் சொல்லாத இரண்டாவது விவரம் வருகிறது. 7520U ப்ராசசர் LPDDR5 என்ற வகை ரேமை மட்டுமே ஏற்கும். இத்தகைய கணினிகளில் அது தாய்ப்பலகையில் சாலிடர் செய்யப்பட்டே வருகிறது. வாங்கிய நாளில் 8 ஜிபி என்றால் நான்கு ஆண்டுகளுக்கும் 8 ஜிபிதான். 7530U அப்படி ஒரே வகைக்குக் கட்டுப்பட்டதன்று. அதைக் கொண்ட பல மாடல்களில் ரேம் செருகும் ஸ்லாட் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, `Performance` பகுதியில் `Memory`-ஐச் சொடுக்குங்கள். `Form factor` என்ற இடத்தில் `SODIMM` என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். `Row of chips` என்று இருந்தால் சாலிடர் செய்யப்பட்டது. அதன் மேலேயே இருக்கும் `Slots used` என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். சாலிடர் செய்த சில்லுகளையும் சில கணினிகள் ஸ்லாட்டாகக் கணக்கிட்டுக் காட்டும். இதை உறுதிசெய்ய, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் முழு எண்ணைக் கொடுத்து, அதிகபட்ச ரேம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது இரண்டாவது கணினியையே, அதுவும் ஸ்லாட் இருப்பதை உறுதிசெய்த பிறகு. அதில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் செருகப்பட்டு இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், இப்போதைக்கு அப்படியே வாங்கிப் பிறகு இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம்; இரண்டும் இணையாக வேலை செய்வதால் கிராபிக்ஸின் வேகமும் கூடும். கூடுதல் ரேம் போட்டால் உத்தரவாதம் தொடருமா என்பதை மட்டும் நிறுவனத்தின் சேவை மையத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். ஸ்லாட் இல்லை என்று தெரிந்தால், அதே ப்ராசசருடன் 16 ஜிபி வரும் மாடலுக்குப் போங்கள். வணிகவியலோ மொழிப் பாடமோ படிக்கும் மாணவர் என்றால், முதலாவது கணினியின் 16 ஜிபி வடிவமே போதும் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 512 ஜிபி போதும். விண்டோஸ் அதை 476 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளரும் விண்டோஸும் ஜிபியை எண்ணும் முறை வேறு என்பதைத் தவிர அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

சலுகையில் "ஆபீஸ் இலவசம்" என்று இருந்தால், அது ஆயுள் முழுவதற்குமான உரிமமா, ஓராண்டுச் சந்தாவா என்று கேளுங்கள். ஓராண்டுச் சந்தா என்றால் அதற்காக விலையில் ஒரு ரூபாயும் கூட்டிக் கணக்கிட வேண்டாம், ஏனெனில் பல கல்லூரிகள் மாணவர் மின்னஞ்சல் முகவரியோடு இதையே இலவசமாக அளிக்கின்றன.

பணம் செலுத்துமுன், "ரைசன் 5 மடிக்கணினி" என்று மட்டும் எழுதாமல் ப்ராசசர் எண்ணையும் மாடலின் முழு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, `Settings > System > About` பக்கத்தில் `Processor` என்ற வரியில் 7530U என்று இருக்கிறதா என்பதை உங்கள் மகளையே படிக்கச் சொல்லுங்கள். வேறு எண் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.