அவசரப் பட்டனை அழுத்தி என் ஃபைலை யார் யார் பார்க்கலாம்?

"நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவில் சிகிச்சை எடுக்கிறேன். என் பதிவுக்குப் பூட்டுப் போடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆனால் 'அவசரம்' என்று அழுத்தினால் யாருக்கும் திறந்துவிடுமாமே? சரி, இறுக்கமாகப் பூட்டினால், நான் மயங்கிக் கிடக்கும் நாளில் டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடாதா?"

பூட்டச் சொல்லுங்கள். மயங்கிக் கிடக்கும் நாளுக்காகத்தான் அந்த அவசரப் பட்டன் இருக்கிறது. கணினிக்காரர்கள் அதை 'பிரேக் கிளாஸ்' என்பார்கள்.

இரவு இரண்டு மணிக்கு உங்களை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். டியூட்டி டாக்டர் உங்கள் ஃபைலைத் தொட்டதும் எச்சரிக்கைத் திரை வரும். அவர் தன் பாஸ்வேர்டை மறுபடி போட்டு, 'மயக்க நிலை, நோயின் வரலாறு தெரிய வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் திறந்துவிடும். யாரையும் எழுப்பி அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்கச் சொல்லும் அமைப்பு நோயாளியைக் கொன்றுவிடும். சில மணி நேரத்தில் பூட்டு தானாக மறுபடி விழும். யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பது, லாக் என்று கணினி தானாக எழுதிவைக்கும் பதிவேட்டில் ஏறிவிடும்.

இதே பட்டனைப் பொய் சொல்லியும் அழுத்தலாம், அது உண்மைதான். அந்த நேரத்தில் தடுக்க வழியில்லை, மறுநாள் பிடிக்கத்தான் முடியும். அந்தரங்கப் பொறுப்பு அதிகாரி காலையில் லாகை எடுத்து, அதே நேரத்து அவசரப் பிரிவுப் பதிவேட்டோடும் டியூட்டி பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு மணி டாக்டர் சரியாகப் பொருந்துவார். நீங்கள் அனுமதியே ஆகாத ஒரு நாளில், மாலை மூன்றரைக்கு, பில்லிங் ஆள் ஒருவர் 'சிகிச்சைக்காக' என்று போட்டுத் திறந்திருந்தால் தனியாகத் தெரிவார். இந்த ஒப்பீடு நடக்காத இடத்தில் லாக் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

பின்லாந்தில் உங்களைப் போலவே ஒரு நர்ஸ், தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே எச்.ஐ.வி. சிகிச்சை எடுத்தார். சக ஊழியர்கள் தன் பதிவைப் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் அங்கிருந்த அமைப்பு கடைசி ஐந்து முறை திறந்ததை மட்டுமே காட்டியது. அதிலும் ஆள் பெயர் இல்லை, பிரிவின் பெயர்தான். நிரூபிக்க முடியாமல் உள்நாட்டு நீதிமன்றங்களில் அவர் தோற்றார். 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசின் மேல்தான் தப்பு என்றது. உங்கள் மருத்துவமனையின் லாகில் ஆள் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேட்கக் காரணம் இருக்கிறது. சாஃப்ட்வேர் விற்கிறவர்களில் சிலர், 'அவசரத்துக்கு' என்று ஒரே ஒரு பொது லாகினைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். லாகில் 'எமர்ஜென்சி' என்ற பெயர் மட்டும் வரும், ஆள் யாரென்று ஆண்டவனுக்கே தெரியாது. லாகைச் சரிபார்க்கும் வசதிக்குத் தனிக் காசு கேட்பவர்களும் உண்டு. நிர்வாகம் அதைத்தான் முதலில் வெட்டும். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் எப்போதும் பணம் இருக்கும்!

ஒன்றை மட்டும் பூட்டுக்கு உள்ளே வைக்காதீர்கள்: நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமையோடு சேர்த்து. மருந்தின் பெயரே நோயைக் காட்டிக்கொடுக்குமே என்பீர்கள். காட்டிக்கொடுக்கும்தான். ஆனால் நீங்கள் லித்தியம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முதுகுவலி என்று வேறொரு பிரிவுக்குப் போகிறீர்கள், அங்கே இபுப்ரோஃபென் எழுதித் தருகிறார்கள். அது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். ரத்தத்தில் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி, குழப்பம் என்று போகும். இது அவசர நிலை இல்லை, வழக்கமான ஓ.பி. அந்த டாக்டருக்குப் பட்டனை அழுத்தத் தோன்றவே தோன்றாது. ஆகவே பட்டியல் வெளியே இருக்கட்டும். டாக்டர் எழுதிய குறிப்புகள், ஆலோசனையில் நீங்கள் பேசியவை, நோயின் வரலாறு எல்லாம் உள்ளே போகட்டும்.

அப்புறம், யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள உங்கள் லாகினிலேயே நுழைந்து பார்க்காதீர்கள். பல மருத்துவமனைகளில் சொந்த ஃபைலைத் திறப்பதே விதிமீறல். 'ஐ.டி.யில் நம்ம ஆள் இருக்கார், எடுத்துத் தருவார்' என்று யாராவது வந்தால் அவரையும் நம்பாதீர்கள். உங்களுக்காக எடுப்பவர் நாளை இன்னொருவருக்காக உங்களுடையதை எடுப்பார். மருத்துவப் பதிவுத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என் பதிவைத் திறந்தவர்களின் பெயர், பிரிவு, நேரம், அவசரத் திறப்பாக இருந்தால் எழுதிய காரணம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.