கடைசி நோயாளி யார்? திருத்தி எழுதிய விவரணையைச் சரிபார்ப்பது: கேள்வி பதில்

ஆவணப்படங்களுக்கான விவரணைப் பிரதிகளை அவற்றின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. பெரியம்மை ஒழிப்பைப் பற்றிய ஒரு பிரதி, வேறொருவர் சுருக்கி எழுதிய பின் என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு பத்தியே போதும் என்பதால், பெரும்பாலான கேள்விகளுக்கு அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

உதவி இயக்குநர் ஒருவர்: திருத்தி எழுதுபவர் நடையைத்தானே மாற்றுகிறார்? தகவல் எப்படி மாறிவிடும்?

நீங்களே பாருங்கள். எங்கள் ஆய்வாளர் தயாரித்த மூலக் குறிப்பு இது:

"இயற்கையாகப் பரவிய பெரியம்மைக்கு ஆளான கடைசி மனிதர் அலி மாவ் மாலின். சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையற்காரர். 1977 அக்டோபரில் அவருக்குக் கொப்புளங்கள் தோன்றின, பின்னர் குணமடைந்தார். 1978இல் பர்மிங்ஹாமில், ஆய்வகத்தோடு தொடர்புடைய தொற்றில் ஒருவர் இறந்தார். நோய் ஒழிந்துவிட்டதை வல்லுநர் ஆணையம் 1979 டிசம்பரில் உறுதிசெய்தது. உலக சுகாதாரப் பேரவை 1980 மே 8 அன்று அதை அறிவித்தது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேர் இந்நோயால் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு."

திருத்திய பிரதி இது:

"1977. சோமாலியா. மருத்துவமனை ஊழியர் அலி மாலினின் உடலெங்கும் கொப்புளங்கள். 30 கோடி உயிர்களைக் குடித்த கொடிய பெரியம்மை, தன் கடைசி மனிதனையும் பலிகொண்டது. 1979இல் உலக சுகாதாரப் பேரவை வெற்றியை அறிவித்தது. ஆனால் நோய் அடங்கவில்லை. பர்மிங்ஹாம் ஆய்வகத்திலிருந்து தப்பி, இன்னும் ஓர் உயிரைப் பறித்தது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியவர் கெட்டிக்காரர். ஆனால் மாலின் அந்த நோயில் இறக்கவில்லை. அவர் 2013 வரை வாழ்ந்தார். குணமடைந்த மனிதரை ஒரு வினைச்சொல் கொன்றுவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். இரண்டுமே சரியாகத்தான் தோன்றுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

படிப்பதை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டமாகப் படிக்கும்போது, மூலத்தில் பார்த்ததைக் கொண்டு புதிய பிரதியின் ஓட்டையை மனம் தானாகவே அடைத்துவிடுகிறது.

புதிய பிரதியை மட்டும் எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் கூறுகளாக உடையுங்கள். "தன் கடைசி மனிதனையும் பலிகொண்டது" என்ற சிறு துண்டில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன: இவருக்குப் பிறகு எவருக்கும் அந்த நோய் வரவில்லை என்பது ஒன்று, இவர் இறந்தார் என்பது மற்றொன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே, மூலத்தில் அதைத் தாங்கும் வாக்கியத்தின் எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத கூற்று மூலத்தில் இல்லாதது. எண் கிடைத்தும் பொருள் வேறாக இருந்தால் அது மாறியது. மேலே உள்ள முதல் கூற்று மாறியது, இரண்டாவது மூலத்துக்கே நேர் எதிரானது.

அது முடிந்த பிறகு எதிர்த்திசையில் போக வேண்டும். மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, புதியதில் அதற்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பலர் இந்த இரண்டாம் நடையைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் "இயற்கையாகப் பரவிய", "மட்டும்", "ஏறத்தாழ", "மதிப்பீடு" ஆகிய நான்கும் காணாமல் போனது இந்த நடையில்தான் தெரியும். முதல் சொல் போனதால் மாலின் உலகின் கடைசி நோயாளியாகிவிட்டார். மூலத்தின்படி பர்மிங்ஹாமில் அடுத்த ஆண்டே ஒருவர் இறந்திருக்கிறார். "மட்டும்" போனதால், ஒரு நூற்றாண்டின் கணக்கு நோயின் முழு வரலாற்றுக்கும் உரிய கணக்காகிவிட்டது. எண் அதே எண்தான். அது எதை எண்ணுகிறது என்பது மாறிவிட்டது.

மென்பொருள் துறையில் இருப்பவர்: இதற்கு ஏன் இவ்வளவு பாடு? மூலத்தில் இல்லாத எண் புதிய பிரதியில் இருந்தால் கீழே உள்ள கட்டளை காட்டிக்கொடுத்துவிடும். எண்கள் சரி என்றால் பிரதியும் சரிதானே?

```
grep -oE '[0-9]+([.,][0-9]+)*' source.txt | sort -u > a.txt
grep -oE '[0-9]+([.,][0-9]+)*' script.txt | sort -u > b.txt
comm -13 a.txt b.txt
```

பாதி சரி. நானும் முதலில் இப்படி ஒன்றை ஓட்டிவிடுவதுண்டு. 1977 என்பது 1971 ஆகியிருந்தால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் மேலே உள்ள பத்தியை இதற்குக் கொடுத்துப் பாருங்கள். 1977, 30, 1979 ஆகிய மூன்றும் மூலத்தில் இருக்கின்றன. உங்கள் கட்டளை ஒன்றுமே காட்டாது.

தவறு அந்த 1979இல்தான் இருக்கிறது. அது ஆணையம் உறுதிசெய்த ஆண்டு. பேரவை அறிவித்தது 1980இல். எண் சரியானது, ஒட்டியிருக்கும் இடம் தவறு. சுருக்கும்போது இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கினால், முதல் வாக்கியத்தின் ஆண்டும் இரண்டாம் வாக்கியத்தின் எழுவாயும் இப்படித்தான் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே எண்ணைத் தனியாகச் சரிபார்க்காதீர்கள். யார், என்ன செய்தார், எப்போது என்ற மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

இன்னும் இரண்டு குறைகள். "முப்பது கோடி" என்று எழுத்தில் எழுதினால் இது பிடிக்காது. 1,00,000 என்பதும் 100,000 என்பதும் இதற்கு வெவ்வேறு எண்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்: என் கதை வேறு. ஒருமுறை 300 மில்லியனை 3 கோடி என்று எழுதிவிட்டேன். மூன்று பேர் படித்தும் எவரும் கவனிக்கவில்லை. இப்போதும் கோடி என்று எழுதக் கை நடுங்குகிறது.

நடுங்குவது நல்லதே. ஒரு மில்லியன் பத்து லட்சம் என்பதால், மில்லியன் எண்ணைப் பத்தால் வகுத்தால் கோடி வந்துவிடும்: 300 மில்லியன் 30 கோடி. பில்லியன் என்றால் நூறால் பெருக்க வேண்டும். மாற்றிய ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், ஓரத்தில், மூலத்தின் எண்ணை அதே அலகில் எழுதி வையுங்கள். உங்கள் மூன்று வாசகர்களும் அசட்டையானவர்கள் அல்லர். அவர்கள் முன்னால் 300 என்ற எண் இல்லை, அவ்வளவுதான். 3 கோடி என்பதும் கேட்க நம்பும்படியாகவே இருக்கிறது.

ஓர் எழுத்தாளர்: மூலத்தின் வாக்கியங்களை அப்படியே எடுத்தாண்டால் பதிப்புரிமைச் சிக்கல் வருமே, அதையும் நீங்கள்தான் பார்ப்பீர்களா?

இல்லை, அது வேறு மேசை. ஆனால் உங்கள் கேள்வியை ஒட்டிய ஒன்றை நான் பார்ப்பேன்: மூலத்தில் சாரமாக இருந்த ஒருவரின் கருத்து, புதிய பிரதியில் மேற்கோள் குறிக்குள் போயிருந்தால் உடனே அந்த இடத்தைக் குறித்துக்காட்டிக் கொடி நட்டுவிடுவேன். அவர் வாயில் நாம் சொற்களைத் திணித்திருக்கிறோம்.

மருத்துவ மாணவி: நீங்கள் "கொடிய" என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். மாலினுக்கு வந்தது வேரியோலா மைனர் என்ற மிதமான வகை. கடுமையான மேஜர் வகை இயற்கையாகக் கடைசியாகத் தாக்கியது 1975இல், வங்கதேசத்தில், ரஹிமா பானு என்ற குழந்தையை. அவளும் பிழைத்துவிட்டாள்.

நீங்கள் சொல்வது சரி. நான் அதை வெறும் அடைமொழி என்று தாண்டிப் போய்விட்டேன். 30 கோடிப் பேரைக் கொன்ற நோய்க்குக் "கொடிய" என்பது பொருந்தும். ஆனால் அதே வாக்கியம் மாலினிடம் முடிவதால், அவரைத் தாக்கியதும் அந்தக் கொடிய வகையே என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு நன்றி சொல்லிக் கொடி நட்டுவிட்டேன். மூலக் குறிப்பிலேயே வகை குறிப்பிடப்படவில்லை என்று ஆய்வாளருக்கும் தனியாக எழுதினேன். மூலத்தின் குறையைத் திருத்தி எழுதியவர் தலையில் போடக் கூடாது.

தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர்: உங்களைப் போன்றவர்கள் பக்கம் முழுவதும் சிவப்பாக்கி அனுப்புகிறீர்கள். எழுதியவர் கோபித்துக்கொள்கிறார். எதைக் கொடி நட வேண்டும், எதை விடலாம்?

நியாயமான புகார். நான் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்கிறேன்: மூலத்துக்கு முரண், மூலத்தில் இல்லை, பொருள் நகர்ந்திருக்கிறது. இந்தப் பத்திக்கு அனுப்பிய குறிப்புகளில் சில:

"பலிகொண்டது": முரண். மூலம், வாக்கியம் 3: குணமடைந்தார்.

"1979இல் பேரவை": முரண். வாக்கியம் 5, 6 கலந்துள்ளன. இதனால் 1978 மரணம் அறிவிப்புக்குப் பிறகு நடந்ததாகிவிட்டது. வரிசை தலைகீழ்.

"ஆய்வகத்திலிருந்து தப்பி": மூலத்தில் இல்லை. மூலம் "ஆய்வகத்தோடு தொடர்புடைய" என்று மட்டுமே சொல்கிறது. இறந்தவர் ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் பணியாற்றிய புகைப்படக் கலைஞர். கிருமி எந்த வழியாக அவரை அடைந்தது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. எனவே "தொடர்புடைய" என்ற மழுப்பலான சொல் வேண்டுமென்றே போடப்பட்டது.

"மருத்துவமனை ஊழியர்" என்பதை விட்டுவிட்டேன். சமையற்காரரும் ஊழியர்தான். விவரம் குறைந்ததே தவிர உண்மை கெடவில்லை. "மருத்துவர்" என்று இருந்தால் விட்டிருக்க மாட்டேன். "அலி மாலின்" என்ற சுருக்கத்தையும் விட்டேன், ஆனால் படம் முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலில் வர வேண்டும் என்று எழுதினேன். பர்மிங்ஹாமுக்கு முன் "இங்கிலாந்தின்" என்று சேர்க்கச் சொன்னேன். அமெரிக்காவின் அலபாமாவிலும் அதே பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. படத்தொகுப்பாளர் எந்த ஊரின் காட்சியைத் தேடி எடுப்பார் என்று எனக்குத் தெரியாது.

குறிப்பில் "தவறு" என்ற சொல்லை எழுத மாட்டேன். மூலத்தின் வாக்கிய எண்ணை மட்டும் தருவேன். திருத்துவதும் எழுதியவரின் வேலை. நான் திருத்தினால் அவருடைய தாளம் கெடும், அவர் மறுபடியும் திருத்துவார், நான் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

நீண்டகாலமாகக் குரல் கொடுத்துவரும் கலைஞர்: "ஏறத்தாழ", "மதிப்பீடு", "இருக்கலாம்" என்று வரிக்கு வரி இருந்தால் வாசிக்கவே முடியாது. கேட்பவருக்கும் அலுத்துவிடும். எதையாவது விட்டுக்கொடுக்க மாட்டீர்களா?

மூன்றில் ஒன்று போதும் என்பேன். "இருக்கலாம்" போகட்டும், "ஏறத்தாழ" போகட்டும், "மதிப்பீடு" நிற்கட்டும். ஏனெனில் 30 கோடி என்பது ஒவ்வொருவராக எண்ணிய கணக்கன்று. ஒரே எண் படத்தில் மூன்று முறை வந்தால் முதல் முறை மட்டும் அந்தச் சொல் வந்தால் போதும் என்பது என் கட்சி. எங்கள் பதிப்பாசிரியர் ஒப்புக்கொள்வதில்லை. ஐந்தாம் நிமிடத்தில் படம் பார்க்கத் தொடங்குபவரை என்ன செய்வது என்கிறார்.

ஆனால் "இயற்கையாகப் பரவிய" என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. எழுதியவர் இரண்டு முறை அதை நீக்கினார், நான் இரண்டு முறை கொடி நட்டேன். மூன்றாவது முறை அவர் அனுப்பிய வரி: "மனிதரிடமிருந்து மனிதருக்குத் தானாகப் பரவிவந்த அம்மை, மெர்கா மருத்துவமனையின் சமையற்காரரோடு நின்றது." இது மூலத்தில் அப்படியே இல்லை, ஆனாலும் மூலம் அதைத் தாங்குகிறதா என்று பார்த்தேன். "தானாக" என்பது "இயற்கையாக" என்பதற்கு ஈடாகுமா என்று மாணவியிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.